நேர்காணலுக்குப் பின் ரெக்ரூட்டர் பதில் தராதபோது

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்று சுற்றும் முடிந்தது. இரண்டு வாரமாக ரெக்ரூட்டரிடமிருந்து பதிலே இல்லை. தொல்லை கொடுக்காமல் எப்படிக் கேட்பது?

பதில்: இத்தகைய மௌனம் எப்போதும் நிராகரிப்பு அல்ல. சம்பள ஒப்புதல் நிதிப் பிரிவில் தேங்கியிருக்கலாம். அல்லது முதலில் தேர்வானவருக்கு ஆஃபர் கொடுத்துவிட்டு, அவர் ஏற்கும்வரை அடுத்த நிலையில் இருப்பவரிடம் எதுவும் சொல்லாமல் வைத்திருக்கலாம். நோட்டீஸ் காலம் 90 நாள் வரை நீளும் நம் ஐடி துறையில் இந்த இரண்டாவது காரணம் மிகச் சாதாரணம். இவ்விரண்டிலும் முடிவு ரெக்ரூட்டர் கையில் இல்லை என்பதால், அவரை நெருக்குவதில் பயனில்லை.

அவர் ஏதேனும் தேதி சொல்லியிருந்தால், அது கடந்து இரண்டு மூன்று வேலை நாள் பொறுத்து, பழைய மின்னஞ்சல் தொடரிலேயே எழுதுங்கள். பதவியையும் நேர்காணல் தேதியையும் அவர் தேட வேண்டியிருக்காது. ஒரே வரியில் விடையளிக்கக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்:

“வணக்கம். 12ஆம் தேதி நடந்த இறுதிச் சுற்று தொடர்பாக எழுதுகிறேன். தேர்வு இன்னும் நடைபெறுகிறதா, அடுத்த தகவலை எப்போது எதிர்பார்க்கலாம் எனத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.”

அதற்கும் பதில் இல்லையெனில், ஒரு வாரம் கழித்து இன்னொன்று போதும். வேறு ஆஃபர் உண்மையிலேயே கையில் இருந்தால் மட்டும் அதன் கடைசித் தேதியைக் குறிப்பிடுங்கள். பொய்யாகச் சொன்னால், “அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று முடித்துவிடுவார்கள். ரெக்ரூட்டரைத் தாண்டி மேலாளருக்கு வாட்ஸ்அப் அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவதும் பதிலின்றிப் போனால், வேறு விண்ணப்பங்களைத் தொடருங்கள்.