மடிப்பு போகட்டும், நெசவு இருக்கட்டும்

அன்புள்ள அண்ணா,
பெங்களூரு சிக்பேட்டையில் ஒரு பட்டுக் கடைக்குப் படங்களை ரீடச் செய்து தருகிறேன். பெட்டியில் மடித்து வைத்த கோடு புடவையில் அப்படியே விழுந்திருக்கிறது. ஹீலிங் பிரஷ்ஷில் அழித்தால் பட்டு, ரெக்ஸின் மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு படம் இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?
— அல்சூர் வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் பச்சைப் புடவையை 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்தேன். தொடைப் பக்கம் குறுக்கே போன கோட்டை அழித்த இடத்தில் இழையே இல்லை. மடிப்பு என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரு வெளிச்சப் பட்டையும் அதை ஒட்டிய நிழல் பட்டையும்தான். நெசவு அதன் மேல் கெடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹீலிங் பிரஷ்ஷைத் திரும்பத் திரும்ப ஓட்டும்போது இரண்டும் சேர்ந்து குழம்பிவிடுகின்றன. அதனால் முதலில் இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

போட்டோஷாப்பில் படத்தை இரண்டு பிரதி எடுத்து, கீழ்ப் பிரதிக்கு Gaussian Blur கொடுங்கள். இழை மறைந்து மடிப்பின் நிழல் மட்டும் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். 6 பிக்சலில் தொடங்கிக் கூட்டிப் பாருங்கள். மேல் பிரதியில் Apply Image திறந்து, Layer-இல் கீழ்ப் பிரதியைத் தேர்ந்து, Subtract, Scale 2, Offset 128 வையுங்கள். இது 8 பிட் படத்துக்கான கணக்கு. பிறகு அந்த லேயரை Linear Light ஆக்கினால் படம் பழையபடி தெரியும். தெரியாவிட்டால் எங்கோ தவறு, மேலே போகாதீர்கள்.

இப்போது கீழ் லேயரில் மடிப்பை ஒட்டி ஒல்லியான பட்டையாக லாஸோவில் சுற்றி, ஓரத்துக்கு 15 பிக்சல் Feather கொடுத்து, இன்னும் கொஞ்சம் பிளர் செய்யுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். அகலமாகச் சுற்றினால் தொடையின் வளைவுக்குரிய நிழலும் தட்டையாகி, இழை முழுசாக இருந்தும் துணி பெயிண்ட் அடித்த மாதிரி ஆகிவிடும். ஜரிகைக்கு முன்னாலேயே தேர்வை நிறுத்துங்கள், இல்லையென்றால் தங்க நிறம் பச்சைக்குள் கசியும்.

மடிப்பின் கூரிய முனை மட்டும் மேல் லேயரில் மெல்லிய கீறலாக மிஞ்சும். அதற்கு குளோன் ஸ்டாம்ப், Sample-இல் Current Layer. பக்கத்திலேயே, இழை அதே திசையில் ஓடுகிற, அதே அளவு வெளிச்சமுள்ள இடத்திலிருந்து எடுங்கள். ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொண்டே போனால் அச்சுக் குத்தினது போலத் தெரிந்துவிடும்.

இரட்டை நிறப் பட்டுக்கு இந்த வழி முழுசாக உதவாது. மடிப்பு முகட்டில் ஊடையின் நிறம் எட்டிப் பார்க்கும், பிளர் செய்தால் அழுக்கு நிறமாகும். அங்கே Curves லேயரும் மாஸ்க்கும் வைத்து, பிரஷ்ஷின் Flow-ஐ 3 சதவீதத்தில் வைத்து வெளிச்சத்தை மெதுவாகச் சமன் செய்யுங்கள். நிறத்துக்குத் தனியாக Color மோடில் ஒரு லேயர்.

கொசுவம், இடுப்பு, முழங்கை மடிப்புகளைத் தொடவே வேண்டாம். உடம்பு துணிக்குள் இருக்கிறது என்று காட்டுவதே அவைதான். வேலை முடிந்ததும் அசல் படத்தை எல்லாவற்றுக்கும் மேலே Opacity 20 சதவீதத்தில் போட்டுப் பாருங்கள். பெட்டி மடிப்பு லேசாகத் தெரிந்தாலும் கடைக்காரருக்கு அதையே அனுப்புங்கள்.