:-) என்பதும் மஞ்சள் முகமும் ஒன்றுதானா?

கேள்வி: என் மகள் அனுப்பும் செய்திகளில் சில நேரம் :-) என்று இருக்கிறது, சில நேரம் மஞ்சள் முகம் இருக்கிறது. இரண்டும் ஒன்றா? சில சமயம் வெறும் கட்டம் மட்டும் தெரிவது ஏன்?

பதில்: இரண்டும் சொல்வது ஒரே புன்னகையைத்தான், ஆனால் உருவாகும் விதம் வேறு. முதலாவது எமோட்டிகான். முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் வரிசையாகத் தட்டினால் :-) கிடைக்கும். தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தால் இரு கண்களும் மூக்கும் வாயும் தெரியும். அடைப்புக்குறியைத் திருப்பி :-( என்று இட்டால் அது வருத்தம்; முக்காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி இட்டு ;-) என்று எழுதினால் அது கண்சிமிட்டல். கணினிவழிச் செய்திகளில் வேடிக்கையாக எழுதியதைச் சிலர் உண்மையென்று எடுத்துக்கொண்டதால், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் ஃபால்மன் 1982 செப்டம்பர் 19 அன்று முதலிரண்டு குறிகளையும் முன்மொழிந்தார்.

இரண்டாவது எமோஜி. 🙂 என்பது ‘அ’ என்பதைப் போலவே தனக்கென ஓர் எண் பெற்ற ஒற்றை எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு பட்டியலில் அதன் எண் U+1F642. உங்கள் மகளின் கைபேசி படத்தை அனுப்புவதில்லை, இந்த எண்ணைத்தான் அனுப்புகிறது. அதற்குரிய முகத்தை வரைவது உங்கள் கைபேசியின் வேலை. ஆகவே ஒரே எமோஜி இரண்டு கைபேசிகளில் சற்று வேறுபட்டுத் தெரியலாம். உங்கள் கைபேசி பழையதாக இருந்து, அண்மையில் சேர்க்கப்பட்ட எண் ஒன்று வந்துவிட்டால், அதற்குரிய படம் இல்லாததால் வெறும் கட்டத்தைக் காட்டும். மென்பொருளைப் புதுப்பித்தால் பெரும்பாலும் இது சரியாகிவிடும். நிறுத்தக்குறிகளாலான எமோட்டிகானுக்கு இந்தச் சிக்கல் வராது. எளிய பொத்தான் கைபேசியிலும் அது அப்படியே தெரியும்.

ஜப்பானில் 1999-இல் டோகோமோ என்ற கைபேசிச் சேவை நிறுவனத்துக்காக ஷிகெடகா குரிடா வடிவமைத்த 176 படங்கள் எமோஜியைப் பரவலாக்கின; 2010-இல் நூற்றுக்கணக்கான எமோஜிகளை யூனிகோடு சேர்த்துக்கொண்ட பிறகே அவை எல்லா நிறுவனக் கைபேசிகளுக்கும் பொதுவாயின.

எது எதுவென்று ஐயம் வந்தால், நீங்களே ஒன்றைத் தட்டி, அழிக்கும் விசையை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். 🙂 முழுதும் மறைந்துவிடும், :-) என்பதில் அடைப்புக்குறி மட்டுமே போய் :- எஞ்சும்.

சில செயலிகள் நாம் தட்டும் எமோட்டிகானைத் தாமாகவே படமாக மாற்றிவிடுவதுதான் குழப்பத்துக்குப் பெரிய காரணம். எட்டாவது குறிப்பு என்ற பொருளில் 8) என்று எழுதினால், அது கறுப்புக் கண்ணாடி அணிந்த முகமாகிவிடுவதுண்டு. பழைய அவுட்லுக் மின்னஞ்சல்களில் இன்னொரு விந்தை உண்டு: அது :-) என்பதை விங்டிங்ஸ் எழுத்துருவில் J என்ற எழுத்தாக மாற்றிவைக்கும், அந்த எழுத்துருவில் J புன்னகை முகமாகத் தெரியும், அது இல்லாத கருவியிலோ வெறும் J தான் தெரியும். ஒரு மடலின் இறுதியில் பொருளற்ற J நின்றால், அங்கே எழுதியவர் புன்னகைத்திருக்கிறார் என்று கொள்ளலாம். கணினியில் நீங்கள் எழுதும்போது இத்தகைய மாற்றம் நேர்ந்தால், உடனே Ctrl+Z அழுத்துங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் நீங்கள் தட்டிய குறிகளே திரும்பி வரும்.