பெக்டரி ஒபிசரின் வேலையை மதிப்பீட்டாளருக்குப் புரியும்படி எழுதுவது

கேள்வி: நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பெக்டரி ஒபிசராக இருக்கிறேன். அவுஸ்திரேலியத் திறன் மதிப்பீட்டுக்கு ஒவ்வொரு வேலையிலும் செய்த கடமைகளை விவரமாக எழுதித் தரச் சொல்கிறார்கள். எப்படி எழுதினால் தொழில் பொருந்தும்?

உங்கள் கையில் இப்போது இருப்பது தோட்ட அலுவலகம் தட்டச்சு செய்து கொடுத்த நான்கு வரிச் சேவைக் கடிதமாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை இந்தப் பதவியில் இருந்தார், நன்னடத்தை உடையவர், அவருடைய வேண்டுகோளின்பேரில் இக்கடிதம் வழங்கப்படுகிறது. வங்கிக் கடனுக்கு அது போதும். மதிப்பீட்டாளருக்கு அதிலிருந்து எதுவுமே தெரியவராது, ஏனென்றால் அவர் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை; நீங்கள் நாள்தோறும் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார். பெக்டரி ஒபிசர், டீமேக்கர் என்ற பெயர்கள் நமக்கு ஒரு முழு மனிதரையே காட்டும். தேயிலைத் தொழிற்சாலையை ஒருநாளும் பார்த்திராத ஒருவருக்கு அவை ஒன்றும் சொல்வதில்லை.

நீங்கள் குறிவைத்திருப்பது, நான் குறிவைத்ததைப் போலவே, 133512 என்ற குறியீட்டு எண்ணுள்ள உற்பத்தி முகாமையாளர் தொழிலாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அதை மதிப்பிடுவது வெட்டசெஸ் என்ற நிறுவனம். அன்ஸ்கோ என்ற அவுஸ்திரேலியத் தொழில் வகைப்பாட்டில் இந்தப் பிரிவுக்குச் சொல்லப்பட்டிருப்பதன் சாரம் என்னவென்றால், உற்பத்தியைத் திட்டமிட்டு, ஆட்களையும் இயந்திரங்களையும் நெறிப்படுத்தி, செலவையும் தரத்தையும் கட்டுப்படுத்துபவர் என்பதாகும். ஆகவே மதிப்பீட்டாளர் உங்கள் தாளில் தேடுவது தேயிலை எப்படி உருவாகிறது என்பதை அல்ல. யார் முடிவெடுத்தார் என்பதைத்தான்.

மலையகத்தில் எழுதப்படும் கடமைப் பட்டியல்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. கொழுந்து நிறுத்தல், வாட்டுதல், அரைத்தல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல், சலித்தல், பொதி செய்தல் ஆகியவற்றை மேற்பார்வை செய்தார் என்று எழுதிவிடுகிறார்கள். அது தேயிலையின் வரலாறே தவிர, மனிதரின் வரலாறு அல்ல. அந்த வரியை ஒரு ஷிப்ட் மேற்பார்வையாளரும் எழுதலாம், முகாமையாளரும் எழுதலாம். இருவருக்கும் பொருந்தும் வரியால் இருவரில் உயர்ந்தவரை நிறுவ முடியாது.

என்னுடைய விடயத்தைச் சொல்கிறேன். எனக்கு மூன்று வேலைகள். மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் உதவி டீமேக்கராகத் தொடங்கினேன். பிறகு தலவாக்கலைக்கு அருகே பெருந்தோட்டக் கம்பனி ஒன்றின் தொழிற்சாலையில் பெக்டரி ஒபிசராக இருந்தேன். கடைசியாக, சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கித் தேயிலை செய்யும் ஒரு தனியார் தொழிற்சாலைக்கு முகாமையாளராகப் போனேன். கடிதம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் எது முடிவு, எது வெறும் வேலை என்று பிரித்தறிவதை நான் முதலில் ஒரு கொப்பியில் தமிழில்தான் செய்தேன்.

மூன்றாவது வேலைக்கு எழுதியதில் ஒரு கடமையை எடுத்துக்கொள்வோம். முதல் வரைவில் ‘கொழுந்து வாட்டலை மேற்பார்வை செய்தல்’ என்று இருந்தது. அதை நானே கேள்வி கேட்டேன்: அன்றைக்கு நான் தீர்மானித்தது என்ன? கொழுந்து சேகரிப்பவர்களிடமிருந்து மத்தியானம் வரும் மதிப்பீட்டை வைத்து, அன்றிரவு எத்தனை வாட்டல் ட்ரஃப்களை நிரப்புவது, மழைக் கொழுந்துக்கு எவ்வளவு நேரம் சூடான காற்று விடுவது, ரோலர்களை எத்தனை மணிக்குத் தொடங்குவது, அதற்கு எத்தனை பேரை அழைப்பது என்பவற்றை நான்தான் தீர்மானித்தேன். வரத்து மிகுந்த மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12,000 கிலோ கொழுந்து வரும், நூற்றுக்கு 21.5 என்ற அவுட்டர்னில் அது சுமார் 2,580 கிலோ தேயிலையாகும். ஆகவே அந்த வரி இப்படி மாறியது: நாளாந்தக் கொழுந்து வரத்தின் அடிப்படையில் உற்பத்தி அளவையும் வேலை நேரத்தையும் ஆட்தேவையையும் திட்டமிட்டார், உச்ச காலத்தில் நாளொன்றுக்கு 12,000 கிலோ கொழுந்து கையாளப்பட்டது.

செலவு பற்றிய கடமையும் அப்படித்தான். ‘செலவுகளைக் கட்டுப்படுத்தினார்’ என்ற வரியை யாரும் எழுதலாம், யாரும் நம்பத் தேவையில்லை. கைத்தொழில்களுக்கான மின்கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரக் கட்டணம் என்பது தொழிற்சாலை நடத்துபவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் ரோலர்கள் ஓடாதபடி, இரவு பத்தரைக்குப் பின் அரைக்கத் தொடங்கும் வகையில் வாட்டும் நேரத்தை நான் பின்தள்ளினேன். அதற்கேற்ப ஷிப்டையும் மாற்றினேன். ஒரு கிலோ தேயிலைக்கான உற்பத்திச் செலவை விறகு, மின்சாரம், கூலி, பொதியிடல் என்று பிரித்து மாதந்தோறும் முதலாளிக்கு அறிக்கை கொடுத்தேன். இந்த ஒரே பத்தியில் திட்டமிடல், ஆளணி, வரவு செலவு, அறிக்கை ஆகிய நான்கும் வந்துவிடுகின்றன. மதிப்பீட்டாளர் தன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குப் பிடிமானம் கிடைக்கிறது.

தரத்தைப் பற்றி எழுதும்போதும் தேயிலையின் நிறத்தையும் மணத்தையும் வருணிக்க வேண்டியதில்லை. கொழும்பு ஏலத்துக்கு முன் தரகர் அனுப்பும் மதிப்பீட்டு அறிக்கையில் ‘கூடுதலாக உலர்த்தப்பட்டது’ என்று குறிப்பு வந்தால், ட்ரையரின் வெப்பநிலையையும் கொழுந்து பரப்பும் தடிப்பையும் மாற்றுமாறு யார் உத்தரவிட்டார், அடுத்த இன்வொய்ஸில் அதை யார் சரிபார்த்தார் என்பதை எழுதுங்கள்.

இப்போது பலர் விரும்பாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்று வேலைகளுக்கும் ஒரே பட்டியலை எழுதாதீர்கள். உதவி டீமேக்கராக இருந்தபோது நான் செய்தது இரவு ஷிப்டில் நின்று, மேலே இருந்தவர் சொன்னதை நடத்தி, நிறைகளைப் பதிந்ததுதான். அதை அப்படியே எழுதினேன். தலவாக்கலை வேலையில் உற்பத்தி என் பொறுப்பில் இருந்தது. ஆனால் வருடாந்த வரவு செலவு மதிப்பீடும் புதிய இயந்திரம் வாங்கும் அதிகாரமும் தோட்டத்தை நடத்தும் துரையிடமே இருந்தன. அங்கே ‘வரவு செலவு மதிப்பீட்டுக்கான விபரங்களைத் தயாரித்துச் சமர்ப்பித்தார்’ என்று எழுதினேனே தவிர, ‘தீர்மானித்தார்’ என்று எழுதவில்லை. திறன் மதிப்பீட்டின் முடிவு வந்தபோது முதல் வேலையை வெட்டசெஸ்காரர்கள் இத்தொழிலின் தரத்துக்குரிய அனுபவமாக ஏற்கவில்லை. மற்ற இரண்டையும் ஏற்றார்கள். முதல் வேலை தாழ்வாகவும் மூன்றாவது உயர்வாகவும் தெரிந்ததால்தான் இடையிலிருந்த ஏற்றம் நம்பத்தக்கதாக இருந்தது என்பது என் கருத்து. படித்து முடித்த முதல் மாதத்திலிருந்தே ஒருவர் கொள்கை வகுத்தார், வரவு செலவுத் திட்டம் தயாரித்தார் என்றால் யார் நம்புவார்கள்?

அன்ஸ்கோ விளக்கத்தை அப்படியே நகலெடுத்துத் தரும் முகவர்கள் மலையக நகரங்களிலும் இருக்கிறார்கள். அதே சொற்களை நாள்தோறும் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு அதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். ‘கடிதத்தை நீரே எழுதிக் கையொப்பம் வாங்கினீரே, அது மட்டும் நேர்மையா?’ என்று இங்கே யாராவது கேட்கலாம். வரைவை எழுதிக் கொடுத்தேன், உண்மைதான். தனியார் தொழிற்சாலையின் முதலாளி அதை வரி வரியாக வாசித்து, ஓரிடத்தில் ஆட்களின் எண்ணிக்கையைத் திருத்திய பிறகே கையொப்பமிட்டார். வாசிக்காமல் கையொப்பமிடுபவரிடம் வாங்காதீர்கள். வெட்டசெஸிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

தோட்ட அலுவலகத்தில் வாங்குவது வேறு பாடு. “என்ன, வெளிநாட்டுக்கு ஓடப் போறீங்களோ? எல்லாருக்கும் குடுக்கிற லெட்டர்தான் உங்களுக்கும்” என்றார் பெரிய கிளாக்கர். “ஐயா, அந்த லெட்டரில என்ட வேலையே இல்லையே” என்றேன். ஏலத்தில் நல்ல விலை கிடைத்தால் அது துரையின் பெயரில் போகும், விலை விழுந்தால் டீமேக்கருக்கு விளக்கக் கடிதம் வரும். ஆனால் அந்த மனிதர் என்ன செய்தார் என்று ஒரு பக்கம் எழுதித் தர மட்டும் அந்த அலுவலகத்துக்கு மனம் வராது. இதை நான் இன்னும் மறக்கவில்லை. முடிவில் துரையிடம் நேராகப் போய், கம்பனித் தலைப்புத் தாளில் விவரமான கடிதம் பெற்றேன்.

முதல் தோட்டத்தில் அதுவும் முடியவில்லை. நிர்வாகம் மாறிவிட்டது, என்னை அறிந்தவர் எவரும் அங்கே இல்லை. அந்த வேலைக்கு சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் சேர்த்தேன். சத்தியக்கடதாசி மட்டும் தனியே நிற்காது என்பதைக் கவனியுங்கள். சம்பளம் வந்ததற்குச் சான்றாக ஊழியர் சேமலாப நிதிக் கூற்றைக் கேட்பார்கள். தோட்டச் சேவையாளர்கள் பலரின் பணம் அவர்களுக்கெனத் தனியாக உள்ள சேமலாபச் சங்கத்தில் இருக்கும். அப்படியானால் அந்தக் கூற்றை இணைத்து, அது எதற்கு ஈடானது என்று ஒரு வரி விளக்கமும் எழுதுங்கள். கடிதத்தில் உள்ள தொடக்கத் திகதியும் நிதிக் கூற்றின் முதல் மாதமும் ஒத்துப்போக வேண்டும். பயிற்சிக் காலத்தில் பணம் கழிக்கப்படாமல் இருந்திருந்தால் இரண்டும் வேறுபடும். அந்த வேறுபாட்டை நீங்களே முன்கூட்டி விளக்கிவிடுவது நல்லது.

முகாமையாளர் தொழில்களுக்கு நிறுவன அமைப்பு வரைபடமும் வேண்டும். அதில் உங்களுக்கு மேலே யார், உங்களுக்குக் கீழே நேரடியாக எத்தனை பேர் என்பது பதவிப் பெயர்களோடு தெரிய வேண்டும். ‘45 தொழிலாளர்கள்’ என்று ஒரே பெட்டியில் போடாமல், இரண்டு உதவி ஒபிசர்கள், அவர்களுக்குக் கீழே சலிப்பறைக் கங்காணி, மெக்கானிக், களஞ்சியப் பொறுப்பாளர் என்று வரிசைப்படுத்தினால்தான் நீங்கள் மேற்பார்வையாளர்களை மேற்பார்வை செய்பவர் என்பது தெரியும். கடிதத்தின் கடமைகளும் வரைபடமும் ஒன்றுக்கொன்று முரண்படாதிருக்கட்டும். ஆட்சேர்ப்பு உங்கள் கடமை என்று எழுதிவிட்டு வரைபடத்தில் அது தனி அதிகாரியின் பெட்டியில் இருந்தால் இரண்டும் கெடும்.

கடிதத்தில் முழுநேர வேலையா, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம் எவ்வளவு என்பனவும் இருக்க வேண்டும். வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்குக் குறைந்த வேலையை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கையொப்பமிடுபவரின் பெயர், பதவி ஆகியவற்றோடு அவருடைய கைத்தொலைபேசி எண்ணையும் நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியையும் போடச் சொல்லுங்கள். தோட்டத்து நிலைத் தொலைபேசியை மட்டும் கொடுத்தால், மழைக்காலத்தில் லைன் அறுந்திருக்கும், அல்லது துரை வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போயிருப்பார். எடுப்பவருக்கு உங்களைத் தெரிந்திராது.