இருபது சொல்லில் ஓர் எழுத்தாணி

கேள்வி: எங்கள் சிறிய அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் 20 செ.மீ. அகலமும் 14 செ.மீ. உயரமும் உள்ள பலகைதான் வைக்க முடியும். அதில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் வர வேண்டும். ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் மொழிபெயர்த்தால் தமிழ் இடத்தை மீறி வழிகிறது. எழுத்தைச் சிறிதாக்கினால் முதியவர்கள் படிக்கத் திணறுகிறார்கள். பிள்ளைகளோ திரும்பிப் பார்ப்பதே இல்லை. எழுத்தாணிக்கு நாங்கள் எழுதிய குறிப்பை அனுப்பியிருக்கிறேன். எப்படிச் சுருக்குவது?

பதில்: சுருக்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். முதலில் எழுத்தின் அளவை முடிவு செய்து, அதன்பின் எது நேர்ந்தாலும் அதைத் தொடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்ளுங்கள். இடம் போதாதபோது எல்லோருடைய கையும் எழுத்தின் அளவைக் குறைக்கத்தான் போகிறது. குறைய வேண்டியது வாசகம்.

நின்றபடி, ஒரு கை நீளத்தில் படிக்கும் பலகை என்றால் நான் தமிழுக்கு 18 பாயிண்டுக்குக் கீழே இறங்குவதில்லை. பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆழமாக இருந்து, பலகையும் அதன் அருகிலேயே இருந்தால் இன்னும் பெரிதாக வேண்டும். தமிழில் இகர, ஈகார வளைவுகள் மேலே ஏறும். உகர, ஊகாரச் சுழிகள் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரியிடைவெளியில் தமிழை ஓட்டினால் மேல்வரிச் சுழியும் கீழ்வரி வளைவும் முட்டிக்கொள்ளும். 18 பாயிண்ட் தமிழுக்கு 27 பாயிண்ட் வரியிடைவெளி கொடுங்கள். ஆங்கிலத்துக்கு 17 பாயிண்ட் எழுத்தும் 21 பாயிண்ட் இடைவெளியும் போதும். இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் ஒரே அளவாகத் தெரியும் என்று நம்ப வேண்டாம். எழுத்துருவுக்கு எழுத்துரு அது மாறும். அச்செடுத்துக் கண்ணால் பார்த்துச் சமன் செய்யுங்கள்.

இப்போது உங்கள் பலகையை அளப்போம். சுற்றிலும் ஒன்றரை செ.மீ. விட்டால் 17 செ.மீ. அகலமும் 11 செ.மீ. உயரமும் மிஞ்சும். இதை நெடுக்காகப் பிளந்து இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 8 செ.மீ. கிடைக்கும். 18 பாயிண்டில் தமிழ் எழுத்து ஒன்று சராசரியாக அரை செ.மீ. பிடிக்கிறது, ஆக, ஒரு வரிக்கு ஏறத்தாழ 16 எழுத்து. ‘பயன்படுத்தப்பட்டு’ என்ற ஒரே சொல் அதில் 11 எழுத்தைத் தின்றுவிடும். பக்கத்தில் இன்னொரு நீளமான சொல்லுக்கு இடமிருக்காது. வரிகள் பல் விழுந்த வாயாகக் காட்சியளிக்கும். ஆகவே சிறிய பலகையில் தமிழை மேலும் ஆங்கிலத்தைக் கீழும் வையுங்கள். முழு அகலமும் கிடைப்பதால் வரிக்கு 34 எழுத்து வரை போகலாம். தலைப்புகள், காலமும் செய்பொருளும் சொல்லும் ஒரு வரி, நடுவில் கொஞ்சம் மூச்சுவிடும் இடம் எல்லாம் போகத் தமிழுக்கு நான்கு வரி, ஆங்கிலத்துக்கு நான்கு வரி அமையும். உங்களிடம் இருக்கும் மொத்த இடம் அவ்வளவுதான்.

ஆங்கிலக் குறிப்புகளுக்கு ‘ஐம்பது சொல்லுக்குள்’ என்றொரு கைக்கணக்கு இத்துறையில் புழக்கத்தில் உண்டு. அதைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொண்டதுதான் உங்கள் சிக்கலின் வேர். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாகப் பிரிந்து நிற்பது தமிழில் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். சொல்லை எண்ணினால் தமிழ் சிக்கனமாகத் தோன்றும். வரியில் போட்டால் வழியும். தமிழில் சொற்களை எண்ணாதீர்கள், எழுத்துகளை எண்ணுங்கள். வரிக்கு 34 என்றால் நான்கு வரிக்கு 136. வரி முடிவில் வீணாகும் இடத்தைக் கழித்தால் 120 எழுத்துதான் கைச்செலவுக்கு.

நீங்கள் அனுப்பிய குறிப்பு இது:

‘இது இரும்பினால் செய்யப்பட்டதாகும். பண்டைய காலத்தில் பனையோலைகளின் மீது எழுத்துக்களைப் பொறிப்பதற்காகப் பயன்படுத்தப்பட்டு வந்த ஒரு முக்கியமான எழுதுகருவியாக இது விளங்கியது. இதன் மறுமுனையில் ஓலைகளைச் சீவுவதற்கேற்ற கத்தி போன்ற அமைப்பு காணப்படுகிறது.’

சொற்கள் 24. இடைவெளியும் நிறுத்தக்குறியும் சேர்த்து எழுத்துகள் 157. இதில் சொல்லப்பட்ட செய்தியோ மூன்றுதான்: இரும்பு, ஓலையில் எழுத, மறுமுனையில் கத்தி. மீதமெல்லாம் ‘ஆகும்’, ‘விளங்கியது’, ‘காணப்படுகிறது’ என்னும் மேடைப்பேச்சு. ‘இரும்பு’ காலவரியில் ஏற்கெனவே வரும். ‘முக்கியமான’ என்பதைப் பார்வையாளரே முடிவு செய்துகொள்வார். 19ஆம் நூற்றாண்டு என்று மேலே போட்டுவிட்டு ‘பண்டைய காலம்’ என்பதும் பொருந்தாது. ‘கத்தி போன்ற அமைப்பு’ என்று ஏன் தயங்க வேண்டும்? அது கத்தியேதான்.

பிள்ளைகள் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் கடினமான சொற்கள் மட்டும் அல்ல. எழுத்தாணிக்கு முன் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளையின் கேள்வி, ‘இதில் எப்படி எழுதுவார்கள், மை எங்கே?’ என்பதுதான். உங்கள் குறிப்பு அந்தக் கேள்வியின் பக்கமே போகவில்லை. பெரியவர்களுக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான், கேட்கக் கூச்சப்படுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டு எழுதினால் இப்படி வரும்:

‘இந்தப் பேனாவுக்குள் மை இல்லை. பனையோலையைக் கீறி எழுதினார்கள். பிறகு கரியைத் தேய்த்தார்கள். கீறலில் கரி தங்கி எழுத்து தெரிந்தது. மறுமுனையில் இருக்கும் கத்தி, ஓலையை நறுக்குவதற்கு.’

சொற்கள் 20, எழுத்துகள் 111. சொல்லில் நான்குதான் குறைந்திருக்கிறது. எழுத்தில் 46 குறைந்திருக்கிறது. செய்தியோ கூடியிருக்கிறது. எழுத்தாணியைப் பேனா என்பதா என்று உங்கள் குழுவில் யாராவது முகம் சுளிக்கலாம். சரியான பெயர் தலைப்பிலேயே பெரிதாக நிற்கிறது. முதல் வரி தெரிந்த பொருளிலிருந்து கைபிடித்து அழைத்துச் செல்கிறது. வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி, குண்டெழுத்தாணி என்னும் வகைகளைச் சொல்ல ஆசை வரும். பக்கத்தில் மூன்றும் இருந்தால் சொல்லுங்கள். ஒன்றுதான் இருக்கிறதென்றால் அந்த ஆசையைப் பொதுவான பெரிய பலகைக்குத் தள்ளிவையுங்கள். சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள் என்ற செய்தியும் எனக்கு மிகவும் பிடித்ததுதான், ஆனால் அது சுவடியின் பலகையில் இருக்க வேண்டியது. பார்ப்பவர் அங்கேதான் கண்ணால் தேடிப் பார்க்க முடியும்.

ஆங்கிலத்துக்கு வருவோம். மேலே உள்ள தமிழை ஆங்கிலமாக்க வேண்டாம். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ‘பனையோலை’ என்றதும் தமிழ் வாசகருக்குக் காட்சி வந்துவிடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு, காகிதம் பரவுவதற்கு முன் உலர்த்திப் பதப்படுத்திய பனையிலைகளே ஏடுகளாக இருந்தன என்று முதலில் சொல்ல வேண்டும். அதன்பின் கீறுவதும் கரி தேய்ப்பதும். நான்கு வரியில் 35 முதல் 40 சொல் வரை கிடைக்கும். கத்திக்கு இடமில்லாமல் போனால் விட்டுவிடலாம். தலைப்பில் ‘எழுத்தாணி’ என்ற பெயரை ஆங்கில எழுத்தில் போட்டு, அடுத்து அதன் பொருளைத் தாருங்கள். அந்த எழுத்துப்பெயர்ப்பில் மேலே கோடும் கீழே புள்ளியும் இடும் ஆய்வேட்டு முறை வேண்டாம். வந்தவர் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும்படி மக்கள் வழக்கமாக எழுதும் முறையில் இருக்கட்டும். எந்த முறையானாலும் எல்லாப் பலகையிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தனித்தனியாக எழுதுவதில் ஓர் ஆபத்து உண்டு, அதை நானே பட்டறிந்திருக்கிறேன். ஓரிடத்தில் தமிழ்க் குறிப்பில் ‘1800களில்’ என்றும் ஆங்கிலத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு என்றும் அச்சாகிவிட்டது. எழுதிய இருவரும் கெட்டிக்காரர்கள், சரிபார்த்தவன் நான். திறப்பு விழா முடிந்த மறுநாள் ஒரு பள்ளி மாணவிதான் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து பெயர், காலம், செய்பொருள், பதிவெண் ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் தனியே எழுதி, இரண்டு மொழிக்காரர்களும் அதிலிருந்தே எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். விளக்கம் மொழிக்கு மொழி மாறலாம். இந்த நான்கும் மாறக் கூடாது.

வெட்டிச் சுருக்கும்போது தமிழுக்கே உரிய ஒரு தவறு நுழையும். ‘கரியைத் தேய்த்தார்கள்’ என்பதை ‘கரியை அதில் தேய்த்தார்கள்’ என்று மாற்றும்போது முந்தைய ‘த்’ அப்படியே தங்கிவிடும்: ‘கரியைத் அதில்’. கணினியின் பிழைதிருத்தி இதைப் பிடிக்கும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் க், ச், த், ப் என்று முடியும் சொற்களை மட்டும் தேடி, அடுத்த சொல் எதில் தொடங்குகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

பக்கம் அமைப்பவரிடம் இரண்டு செய்தி சொல்லுங்கள். வரிகளை இருபுறமும் சமப்படுத்த வேண்டாம். நீளமான சொற்களால் நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். சொல்லை உடைத்து இணைப்புக்கோடு போடவும் வேண்டாம். இன்டிசைனில் அமைத்தால் பத்தி அமைப்பில் Adobe World-Ready Paragraph Composer என்பதைத் தேர்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ‘கெ’, ‘கொ’ போன்றவற்றின் கொம்பு இடம் மாறி நிற்கும். எழுத்து உங்கள் கணினியில் சரியாக இருந்து அச்சகத்தில் கலைவதும் உண்டு. கடைசிக் கோப்பில் எழுத்துகளை வடிவக்கோடுகளாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு திருத்த முடியாது என்பதால் மூலக்கோப்பை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

பலகைக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் சாதாரணத் தாளில் உண்மையான அளவில் அச்செடுத்து, பலகை வரப்போகும் இடத்திலேயே ஒட்டுங்கள். மண்டபத்தின் மாலை வெளிச்சத்தில், மூக்குக்கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவரையும் பத்து வயதுப் பிள்ளை ஒன்றையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முதியவர் முன்னால் குனிந்தால் எழுத்து சிறிது, அல்லது வெளிச்சம் போதாது. பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கி மீண்டும் தொடங்கினால் அந்தச் சொல்லை வட்டமிடுங்கள். படித்து முடித்ததும் ‘என்ன புரிந்தது?’ என்று கேட்காதீர்கள், அது தேர்வாகிவிடும். பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். ‘கத்தி’ என்று படித்த கணத்தில் பார்வை தாளைவிட்டுப் பெட்டிக்குள் போனால் அந்தக் குறிப்பை அச்சுக்கு அனுப்பலாம்.