கோணத்தை யார் பிடித்து வைத்தது?

அன்புள்ள ஐயா,

பி.எஸ்சி. கணிதம் இரண்டாமாண்டு படிக்கிறேன். f = x²y/(x⁴ + y²) என்ற சார்புக்கு (0,0)-ல் எல்லை காணச் சொன்னார்கள். x = r cosθ, y = r sinθ போட்டேன். மேலே ஒரு r மிச்சம் நின்றது. r பூஜ்யத்துக்குப் போனால் விடையும் பூஜ்யம். sinθ = 0 ஆகும் திசைகளையும் தனியாகப் பார்த்தேன், அங்கும் பூஜ்யம்தான். ஆனால் விடைக்குறிப்பில் எல்லையே இல்லை என்று இருக்கிறது. அப்படியானால் போலார் முறையை நம்பக்கூடாதா? எந்தக் கணக்குக்குப் போடலாம்? மூன்று மாறிகளுக்கும் இது பொருந்துமா? இதற்கு நல்ல புத்தகம் எது?

எஸ்.

அன்புள்ள தம்பி,

புத்தகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கையில் இருக்கும் பாடப்புத்தகமே இதற்குப் போதும். மூன்று மாறிகளுக்கும் பொருந்தும். அங்கே கோணம் இரண்டு, ஆகவே தவறு செய்யவும் இரண்டு இடம். sinθ = 0 திசையைத் தனியாகப் பார்த்தீர்களே, அதைப் பலர் செய்வதில்லை. அந்தக் கவனம் உள்ளவர் அதற்கு அடுத்த வரியில் வழுக்கியதுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் கணக்கை எழுதிப் பார்ப்போம்.

f = r cos²θ sinθ / (r² cos⁴θ + sin²θ)

இங்கே "r பூஜ்யத்துக்குப் போகிறது" என்று எழுதும்போது θ என்ன செய்துகொண்டிருந்தது? அதை ஒரு கோணத்தில் நிறுத்திவிட்டு r-ஐ மட்டும் குறைத்தீர்கள். அதாவது ஆதிப்புள்ளியை நோக்கி நேர்கோட்டில் வந்தீர்கள். எல்லாக் கோணத்துக்கும் செய்ததால் எல்லா நேர்கோடுகளும் முடிந்தன. எல்லா வழிகளும் முடிந்துவிடவில்லை. புள்ளி வளைந்து வரலாம், சுழன்று வரலாம். r குறையக் குறைய θ-வும் மாறிக்கொண்டே இருக்கலாம். எல்லையின் வரையறை r-ஐ மட்டும்தான் கட்டுப்படுத்துகிறது, θ-வுக்கு எந்தக் கட்டும் இல்லை. இதைச் சொல்லித் தராமல் "போலார் போட்டு r-ஐ பூஜ்யமாக்கு" என்று மட்டும் சொல்லித் தருவது தவறான பாடம். அதை யார் சொல்லியிருந்தாலும் ஏற்காதீர்கள்.

இதே கணக்கில் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். கல்லூரியில் மாலை வகுப்பு முடிந்ததும் எங்கள் பேராசிரியர் என்னை நிறுத்தி, என் தாளைக் காட்டி, "கோணத்தை யார் பிடித்து வைத்தது?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவர் திட்டவில்லை. தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, "இதன் ஆரம் 0.01. இதை விட்டு வெளியே போகாதே. இதன் மேலேயே நடந்து f-ஐக் கணக்கிடு" என்றார். கையில் கிளார்க் அட்டவணை. நான் சொல்லச் சொல்ல அவர் வட்டத்தின் ஓரத்தில் எழுதினார். 30 டிகிரியில் 0.015. 10 டிகிரியில் 0.056. "சரி, கீழே இறங்கு" என்றார். 1 டிகிரியில் 0.43 வந்தது. அட்டவணையைத் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பப் போட்டேன். மறுபடியும் 0.43. சுமார் 0.57 டிகிரியில் சரியாகப் பாதி, 0.5. இன்னும் இறங்கி 0.1 டிகிரியில் 0.17. x அச்சின் மேல் பூஜ்யம்.

பிறகு ஆரத்தைப் பத்தில் ஒரு பங்காக்கி உள்ளே இன்னொரு வட்டம் போட்டார். 0.5 அங்கேயும் இருந்தது, சுமார் 0.057 டிகிரியில். அந்த உச்சி உயரம் குறையவே இல்லை, x அச்சை இன்னும் நெருங்கிப் படுத்துக்கொண்டது, அவ்வளவுதான். எவ்வளவு சிறிய வட்டம் போட்டாலும் அது sinθ = r cos²θ என்ற இடத்தில் நிற்கும். இதை x, y-க்கு மாற்றினால் y = x². உங்கள் விடைக்குறிப்பில் எங்கிருந்தோ வந்து குதித்ததுபோல் இருந்திருக்கும் பரவளையம் இதுதான். அதன் மேல் f = x⁴/(x⁴ + x⁴) = 1/2. அச்சின் மேல் பூஜ்யம். ஆகவே எல்லை இல்லை.

அந்தச் சாக்பீஸ் வட்டங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. இருட்டிய பிறகும் அவர் வீட்டுக்குப் போக அவசரப்படவில்லை.

இப்போது உங்கள் நேர்கோடுகளுக்கே வருவோம். f-ஐ 0.01-க்குக் கீழே கொண்டுவர வேண்டுமானால் r எவ்வளவு சிறியதாக வேண்டும்? 30 டிகிரிக் கோட்டில் சுமார் 0.0067 போதும். 1 டிகிரிக் கோட்டில் அது போதாது, சுமார் 0.00017 வேண்டும். 0.01 டிகிரியில் அதிலும் நூறில் ஒரு பங்கு. ஒவ்வொரு கோட்டிலும் f பூஜ்யத்துக்குப் போகிறது, உண்மை. ஆனால் எல்லாக் கோட்டுக்கும் பொதுவான ஒரு r கிடைப்பதில்லை. எல்லை என்றால் அந்தப் பொதுவான r வேண்டும். போலாரில் நீங்கள் காட்ட வேண்டியது இதுதான்: |f − L| ≤ g(r). வலதுபக்கம் θ இருக்கக்கூடாது, r குறையும்போது g பூஜ்யமாக வேண்டும். இந்த ஒரு வரி இல்லாத போலார் விடைக்கு நான் மதிப்பெண் போடமாட்டேன், விடை சரியாகவே இருந்தாலும்.

x²y/(x² + y²)-ஐ எடுங்கள். இது r cos²θ sinθ, ஆகவே |f| ≤ r. முடிந்தது. x³/(x² + xy + y²) என்றால் பகுதியில் 1 + ½ sin2θ மிஞ்சும். அது ஒருபோதும் ½-க்குக் கீழே இறங்காது. ஆகவே |f| ≤ 2r. இரண்டிலும் பகுதி r²-ஐ விட்டுக்கொடுத்த பிறகு கோணம் எங்கே போனாலும் பூஜ்யத்தை நெருங்குவதில்லை. உங்கள் கணக்கில் r² cos⁴θ + sin²θ மிஞ்சியது. அதில் r = 0 போட்டால் sin²θ, அது அச்சுத் திசையில் பூஜ்யம். பகுதியில் இப்படி ஒரு ஓட்டை தெரிந்தால் கையை நிறுத்துங்கள்.

இந்த வழுக்கல் உங்களோடு தொடங்கியதில்லை. 1821-ல் வெளிவந்த தன் பாடப்புத்தகத்தில் கோஷியே, ஒவ்வொரு மாறியிலும் தனித்தனியாகத் தொடர்ச்சியாக இருக்கும் சார்பு மொத்தமாகவும் தொடர்ச்சியானது என்று எழுதினார். xy/(x² + y²)-க்கு ஆதிப்புள்ளியில் 0 என்று மதிப்பு வைத்தால் அந்தக் கூற்று உடைந்துவிடும். இரண்டு அச்சுகளிலும் பூஜ்யம், y = x கோட்டில் 1/2. அவர் இரண்டு திசைகளை நம்பினார், நீங்கள் எல்லாத் திசைகளையும் நம்பினீர்கள்.

அப்புறம், ஓட்டை தெரிந்தாலே எல்லை இல்லை என்றும் எழுதிவிடாதீர்கள். அதுவும் அவசரம்தான். உங்கள் சார்பை இன்னொரு x-ஆல் பெருக்கி x³y/(x⁴ + y²) என்று எடுங்கள். பகுதியில் அதே ஓட்டை இருக்கிறது. ஆனால் x⁴ + y² எப்போதும் 2x²|y|-க்குக் குறையாது என்பதால் x²|y|/(x⁴ + y²) எங்கேயும் ½-ஐத் தாண்டாது. மிச்சமுள்ள |x| என்பது r-ஐத் தாண்டாது. ஆகவே |f| ≤ r/2, θ எப்படி அலைந்தாலும். இதற்கு எல்லை உண்டு, அது பூஜ்யம்.