டிரம்மைக் கழுவிய மூன்றாம் நாளே கொசுப்புழு வருவது எப்படி?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு வளவில் குடியிருக்கிறோம். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைத்துப் புழங்குகிறோம். சனிக்கிழமைதோறும் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, டிரம்மை அலசிவிட்டுத்தான் புதுத் தண்ணீர் பிடிக்கிறேன். ஆனாலும் திங்கட்கிழமை பார்த்தால் பொடிப்பொடியாகப் புழு நெளிகிறது. குழாய்த் தண்ணீரிலேயே புழு வருகிறதா?

பதில்: குழாயில் வரவில்லை. உங்கள் டிரம்மின் உட்சுவரில் முட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவிய வெள்ளை வாளியில் குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்து, துணியால் இறுக்கமாகக் கட்டி மூன்று நாள் வையுங்கள். அதில் புழு இருக்காது.

வீட்டுக்குள் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரைத் தேடி வருவது பெரும்பாலும் ஏடிஸ் கொசு. காலில் வெள்ளை வரி இருக்கும், பகலில் கடிக்கும், டெங்குவைப் பரப்புவதும் இதுதான். இந்தக் கொசு முட்டையைத் தண்ணீரின் மேல் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் படிந்திருக்கும் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கிறது. ஒரு தடவை ரத்தம் குடித்தால் ஏறக்குறைய நூறு முட்டை வரை இடும். அதையும் ஒரே பாத்திரத்தில் இடாமல் நாலைந்து இடங்களில் பிரித்து இடும்.

நாளைக் காலையில் டிரம்மில் தண்ணீர் பாதி குறைந்திருக்கும்போது கைப்பேசி வெளிச்சத்தை உட்சுவரில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மிளகைப் பொடித்துத் தூவியதுபோல ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கறுப்புப் புள்ளிகள் பட்டையாகத் தெரியும். பூதக்கண்ணாடி இருந்தால் அவை இருபுறமும் ஒடுங்கிய நீள வடிவில் இருப்பதும் தெரியும். முட்டை இட்டவுடன் வெள்ளையாக இருக்கும், சில மணி நேரத்தில் கறுத்துவிடும். தண்ணீரை மொண்டு மொண்டு எடுக்க மட்டம் இறங்குகிறது அல்லவா? அதனால் ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு பட்டை முட்டை சேர்ந்துகொண்டே போகும்.

உள்ளே கரு வளர இரண்டு மூன்று நாள் ஈரம் கிடைத்தால் போதும். அதன் பிறகு முட்டை காய்ந்தாலும் சாகாது. பல மாதம் உலர்ந்த நிலையில் அப்படியே கிடக்கும். தண்ணீர் ஏறி அதை மூழ்கடித்ததும், சில சமயம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே, பொரிந்துவிடும். நீங்கள் சனிக்கிழமை டிரம்மை அலசுகிறீர்கள். வெறும் தண்ணீர் விட்டு அலசினால் இந்த முட்டை பெயராது. விளிம்புவரை தண்ணீர் பிடித்ததும் ஒரு வாரமாகச் சேர்ந்த பட்டைகள் அத்தனையும் மூழ்குகின்றன. திங்கட்கிழமை நீங்கள் பார்க்கும் பொடிப்புழு அதுதான். சனிக்கிழமைக்குப் பிறகு புதிதாக இட்ட முட்டையாக இருந்தால் திங்களுக்குள் பொரிந்திருக்கவே முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முட்டைகள் ஒரே தடவையில் பொரிவதில்லை. இந்த முறை மூழ்கியதில் ஒரு பகுதி பொரியும், மிச்சம் அடுத்த முறைக்குக் காத்திருக்கும். அதனால்தான் ஒரு வாரம் புழுவே இல்லாமல் இருந்த டிரம்மில் மறுவாரம் திடீரென்று புழு தெரிகிறது.

பொரிந்த புழு நான்கு தடவை தோல் உரித்து வளரும். நம் ஊர் வெயிலில் இதற்கு ஐந்து நாள் போதும். வாலில் உள்ள குழாயால் மூச்சு வாங்குவதற்காக மேலே வந்து தலைகீழாகத் தொங்கும். நிழல் பட்டாலோ டிரம்மைத் தட்டினாலோ நெளிந்துகொண்டு அடிக்கு ஓடும். செம்பால் மொண்டு கொட்டினால் புழு போகாததற்குக் காரணம் இதுதான். கடைசியாக அடியில் தேங்கும் மூன்று நாலு லிட்டரில்தான் எல்லாம் கூடியிருக்கும். பிறகு காற்புள்ளிபோல வளைந்த கூட்டுப்புழு ஆகும். இது எதையும் தின்னாது, சுமார் இரண்டு நாளில் முதுகு வெடித்துக் கொசுவாகப் பறந்துவிடும். கழுவி இரண்டு மூன்று நாளிலேயே கூட்டுப்புழு தென்பட்டால், அது சுவர் முட்டையிலிருந்து வந்ததல்ல. அடித்தண்ணீரை முழுக்க வடிக்காமல் விட்டதில் தப்பிய பழைய புழு.

ஆக, சுவரில் காத்திருக்கும் முட்டை தண்ணீர் பட்டதிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஏழு நாள். ஏழு நாளுக்கு ஒருமுறை கழுவுவது கத்திமுனையில் நடப்பது மாதிரி. ஒருநாள் தள்ளிப்போனால் ஒரு கூட்டமே பறந்திருக்கும். உங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருவதால் மூன்றாவது முறை தண்ணீர் வரும் நாளன்று கழுவுங்கள். அது ஆறு நாள் கணக்கு, தண்ணீரும் வீணாகாது.

கழுவும் முறை முக்கியம். டிரம்மைக் கவிழ்த்து அடித்தண்ணீரை வெயில் படும் மண்ணில் கொட்டுங்கள், வாறுகாலில் வேண்டாம். மண்ணில் விழுந்த புழு சீக்கிரம் காய்ந்து செத்துவிடும். இரண்டு மூன்று கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, உட்சுவர் முழுக்க, முக்கியமாக மேல்பாதியிலும் விளிம்பின் மடிப்பிலும், பூசிக் கால் மணி நேரம் விடுங்கள். (கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழிவறை கழுவும் ஆசிடை இதோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும்.) பிறகு கெட்டியான பிளாஸ்டிக் பிரஷ்ஷாலோ தேங்காய் நாராலோ அழுத்தித் தேய்த்து இரண்டு தடவை அலசுங்கள். கைக்கு வழவழப்பாகத் தட்டும் பாசி போகும்வரை தேய்த்தால் முட்டையும் போயிருக்கும். சிமெண்ட் தொட்டியானால் சொரசொரப்பில் முட்டை பதுங்கும், இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

டிரம்மின் வாயைப் பழைய வேட்டித் துணியால் மூடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். துணி தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் அந்த ஈரத்துணியிலேயே முட்டை இடும். மூடியைச் சும்மா சாத்தி வைப்பதால் பயனில்லை, விரல் நுழையும் இடைவெளி கொசுவுக்கு வாசல்.

சுகாதாரப் பணியாளர்கள் ஊற்றும் அபேட் மருந்து புழுவைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. நீங்கள் தண்ணீர் எடுத்து எடுத்து நிரப்ப அதன் வீரியமும் குறைந்துபோகும். மருந்து ஊற்றியாகிவிட்டது என்று தேய்ப்பதை நிறுத்த வேண்டாம். புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும்.

நீங்கள் வளவு என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஏடிஸ் பெரும்பாலும் நூறு இருநூறு மீட்டருக்குள்தான் சுற்றும். உங்களைக் கடிப்பது உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்ததாகவே இருக்கும். முற்றத்தில் கிடக்கும் பழைய ஆட்டுரல், பூந்தொட்டித் தட்டு, குளிர்பெட்டியின் பின்னால் உள்ள தட்டு, மாடியில் போட்ட டயர் ஆகியவற்றை எல்லா வீட்டாரும் ஒரே நாளில் பார்த்தால்தான் கணக்கு நேராகும். ராத்திரி காதோரம் ரீங்கரிப்பது வேறு இனம். அது சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் பிறப்பது. அதற்குக் கழிவுத் தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் கொசுவலை கட்டுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது டிரம்மைக் காயவைத்துக் கவிழ்த்துவிட்டுப் போவீர்கள். நல்லதுதான், ஆனால் சுவரில் முட்டை இருந்தால் அது காய்ந்து காத்திருக்கும். திரும்பி வந்ததும் தேய்த்த பிறகே தண்ணீர் பிடியுங்கள். ஆட்டுரலையும் ஐப்பசி மழைக்கு முன்பே ஒருமுறை தேய்த்துக் கழுவி, குழியில் மணலை நிரப்பிவிடுங்கள்.