ஆறு குளம், ஆறு போஸ்டர், ஒரே குடும்பம்

"கோவைக் குளங்களைக் காக்கச் சொல்லி, குளத்துக்கு ஒன்றாக ஆறு போஸ்டர் போடுகிறோம். மேலே ஃபோட்டோ, கீழே வாசகம் என்று ஒரே டெம்ப்ளேட். ஒட்டிப் பார்த்தால் ஆறும் ஒரே போஸ்டர் போலத் தெரிகிறது. தனித்தனியாகச் செய்தால் ஒரே பிரசாரம் மாதிரி இல்லை. என்ன செய்யலாம்ங்க?" (பீளமேட்டு வாசகி)

கோளாறு டெம்ப்ளேட்டில் இல்லை, ஃபோட்டோவில். எந்தக் குளத்தை எடுத்தாலும் தண்ணீர், கரை, வானம்தான். அதை ஒரே அளவுப் பெட்டிக்குள் அடைத்தால், பைக்கில் போகிறவர் 'இதைப் பார்த்தாச்சு' என்று போய்விடுவார்.

ஃபோட்டோவை விட்டுவிட்டு, குளத்துக்கு ஒரு பெரிய உருவத்தைத் தட்டையான ஒரே நிறத்தில் வரையுங்கள். சிங்காநல்லூருக்குக் கூழைக்கடா. குறிச்சிக்குத் தமிழ் எழுத்துகளால் ஆன திருவள்ளுவர் சிலை. ஆறுக்கும் அமைப்பு வேறாக இருக்கட்டும்: பறவையின் அலகு குறுக்கே நீண்டு ஓரத்தைத் தாண்டி வெட்டுப்படலாம், சிலை நெட்டுக்குத்தாக நிற்கலாம். நிறத்தை மட்டும் மாற்றி ஒப்பேற்றினால் போதாது. கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்ததும் ஆறும் ஒன்றாகிவிடும்.

உருவம் இப்படி இஷ்டத்துக்குத் திரிய வேண்டுமானால், மற்றவை அசையவே கூடாது. ஏ3 தாளில் (297 × 420 மி.மீ.) அடியில் 70 மி.மீ. பட்டை: எல்லாவற்றிலும் ஒரே அடர்நீலம், அதே வாசகம், அதே இடத்தில் உங்கள் அமைப்பின் பெயர். அதற்கு மேலே, இடப்பக்கம் 20 மி.மீ. ஓரம் விட்டு, குளத்தின் பெயர். இந்த லேயரை லாக் செய்துவிட்டுத்தான் நகல் எடுக்க வேண்டும். 'இதில் மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கலாம்' என்று கை வைத்தால் குடும்ப ஜாடை போய்விடும்.

டெம்ப்ளேட்டை எந்தப் பெயரை வைத்து அமைப்பது? நிறைய பேர் சின்னப் பெயரை வைத்து அழகாக அமைத்துவிட்டு, பிறகு 'செல்வசிந்தாமணி குளம்' வரும்போது எழுத்தை நெருக்கிச் சுருக்குவார்கள். நீளமான பெயரை முதலில் வைத்து, வலப்பக்கமும் 20 மி.மீ. ஓரம் விட்டால் மிஞ்சும் 257 மி.மீ. அகலத்தில் அது அடங்கும் அளவையே ஆறுக்கும் எடுங்கள். 'குறிச்சி குளம்' அருகே வெற்றிடம் இருந்தால் இருக்கட்டும், அங்கே உருவம் இறங்கி வரலாம். பெயருக்குக் கீழே இன்னொரு வரி வந்தால் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். ற, ந போன்றவற்றின் வால் கீழே இறங்கும். அடுத்த வரியின் புள்ளியும் மேல்விலங்கும் மேலே ஏறும். ஆங்கில எழுத்துக்கு ஏற்ற வரி இடைவெளியில் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

முடிந்ததும் ஆறையும் சின்னதாக்கி, செல்போன் திரையில் ஒன்றாகப் பாருங்கள். பெயர்களை மறைத்துவிட்டு, இந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எல்லாம் ஒரே ஆட்கள் போட்டதா? சிங்காநல்லூர் எது? முதலாவதில் தயங்கினால் பட்டையின் நிறம், இடம், எழுத்து மூன்றையும் சரிபாருங்கள். இரண்டாவதில் தயங்கினால் அந்த உருவத்தை மாற்றத்தான் வேண்டும்.

அச்சுக்கு ஆறையும் ஒரே சமயத்தில் கொடுங்கள். வேறு வேறு நாளில் ஓட்டினால் அடர்நீலம் கூடும், குறையும். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும்போது காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றை மட்டும் மறுபடி அடிக்க நேர்ந்தால், ஃபைலோடு பழைய போஸ்டர் ஒன்றையும் அச்சகத்தில் கொடுத்து, நிறத்தை ஒப்பிட்டு ஓட்டச் சொல்லுங்கள்.